நாலரை நாள் லீவும் ஒரு கறுப்பு வேட்டியும்

கார்த்திகை பிறந்தால் எங்கட பெடியள் மாலை போடுவாங்கள். அடுத்த நாளே வேலையிடத்தில் பிரச்சினை தொடங்கும். போன வருடம் எங்களோட படிச்சு முடிச்சுப்போட்டு ஒரு கொம்பனியின் முன்மேசையில் வேலை செய்யிற நண்பன் ஒருவன், "41 நாள் விரதம், லீவு வேணும் சேர்" என்று ஒற்றை வரியில் கேட்டான். மனேஜர் சிரிச்சார். "41 நாளும் வீட்டில இருந்து கும்பிடப் போறீரோ?"

அந்தச் சிரிப்பில் எங்களுக்குக் கோபம்தான். ஆனால் பிழையில் பாதி எங்கட பக்கம். ஐயப்ப விரதத்துக்கு வேலையை விடத் தேவையில்லை. விடியக் குளிச்சு, மரக்கறி சாப்பிட்டு, நிலத்தில் படுத்தெழும்பி, பகலில் வேலைக்குப் போறவைதான் அநேகம் பேர். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஒரு முழு வருடம் வேலை செய்தவருக்கு வருட லீவு 14 நாள், சாதாரண லீவு 7 நாள். இரண்டையும் கூட்டினாலும் 41 வராது. கிடைக்காததைக் கேட்டால், கிடைக்க வேண்டியதையும் மறுக்கிறது அவைக்குச் சுகம்.

பிறகு நாங்கள் கூடியிருந்து கடிதத்தைத் திருப்பி எழுதினோம். நவம்பர் 17 மாலை போட்டது, டிசம்பர் 27 நாற்பத்தோராம் நாள். சபரிமலைப் பயணம் 20ஆம் திகதி சனி பின்னேரம் வெளிக்கிட்டு 28 ஞாயிறு திரும்புவது. 25 நத்தார், எப்படியும் விடுமுறை. ஆக 22, 23, 24, 26, 27 சனி அரைநாள்: நாலரை நாள் லீவு. மலையில் தரிசனத்துக்கு முற்பதிவு செய்த தாளையும் இணைத்தோம், திகதியை மாற்ற ஏலாது என்பதற்கு அதுதான் சாட்சி. வருடக் கணக்கு முடிக்கிற கிழமை என்பதால், அவன்ட வேலையை யார் பார்ப்பது என்றும் எழுதினோம்.

லீவு சுகமாகக் கிடைச்சது. சண்டை வந்தது மற்றப் பந்தியில்: தாடி வழிக்காமல், சப்பாத்துப் போடாமல், கறுப்பு உடுப்போட வர அனுமதி. "கஸ்டமர் என்ன நினைப்பினம்?" என்றார் மனேஜர். எங்கட ஊரில் மாலை போட்ட சாமியைத் தெரியாத கஸ்டமர் ஆர்? சரஸ்வதி பூசைக்கு முன்மேசையில் குத்துவிளக்கு வைச்சுப் படமெடுத்துப் போடுற கொம்பனிக்கு, அதே மேசையில் இருக்கிறவன்ட தாடி மட்டும் அசிங்கமோ? பாதுகாப்புச் சப்பாத்துப் போட வேண்டிய மெஷின் வேலையென்றால் நாங்களும் போடு என்றுதான் சொல்லியிருப்போம், கால் முக்கியம். இது கண்ணாடி மேசை. கடைசியில் கறுப்புக் காற்சட்டையும் வெறுங்காலும் சரி, ஆனால் 41 நாளும் உள்ளறையில் இரு என்றார். கண்ணில் படாமல் ஒளிச்சு வைக்கிறதை அனுமதி என்று சொல்லாதேங்கோ சேர்.

இன்னொன்றையும் சொல்லவேணும். அவன்ட தங்கச்சியும் வேலைக்குப் போறவள். 41 நாளும் விடிய எழும்பி அவனுக்குத் துப்பரவாகச் சமைச்சவள் அவள். அவளின்ட நித்திரைக்கு ஆரிட்ட லீவு கேக்கிறது?