பட்டு என்று எழுதிய பிழை



இந்நகரக் கல்லூரி ஒன்றின் தொழில்முனைவோர் மன்றத்தார் சென்ற திங்கள் நம்மை அழைத்து, கடையின் நற்பெயர் பற்றிப் பேசப் பணித்தனர். நாம் பெருவணிகர் அல்லோம். வீட்டிலிருந்தே இணைய வழியில் சேலை விற்பவர். ஆகவே நம் பிழையொன்றையே மாணவர்முன் வைத்தோம். இத்தொழில் செய்யும் சகோதரியர் நம் சங்கத்திலும் உளராதலின் அவ்வுரையை ஈண்டுத் தருகிறோம்.

மொத்த வணிகர் தந்த சீட்டில் "ஆர்ட் சில்க்" என்றிருந்தது. அதாவது பாலியெஸ்டர் இழை. நாமோ விற்பனைப் பக்கத்தில் "பட்டுச் சேலை" என்று எழுதினோம். விலை 1,400 ரூபாய். அவ்விலைக்குத் தூய பட்டு வாராதென்பதை வாங்குவோர் அறிவர் என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய அம்மையார் ஒருவர் ஓர் இழையை உருவி எரித்துப் பார்த்திருக்கிறார். பட்டாயின் மயிர் கருகும் மணம் வீசும். சாம்பல் விரலில் பொடியும். இதுவோ உருகிக் கெட்டியான மணியாய் நின்றது. சேலை திரும்பி வந்தது.

அப்போது பத்துச் சேலைகளுக்கு மூன்று திரும்பின. ஒன்றுக்கு இலாபம் 250 ரூபாய், ஏழுக்கு 1,750. திரும்பிய மூன்றுக்கும் போக்குவரத்துச் செலவே 540 போயிற்று. மடிப்புக் கலைந்தவை புதியனவாய் விலைபோகா என்பது வேறு. பொருள் விளம்பரத்தில் கூறிய தன்மை உடையதன்றாயின் விற்றவர் திரும்பப் பெற மறுக்கலாகாது என 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் கூறுகின்றன.

பிறகு இவ்வாறு எழுதினோம்: "ஆர்ட் சில்க். இழை பாலியெஸ்டர், பட்டன்று. சேலை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி தனியே 80 சென்டிமீட்டர்." இரண்டையும் கூட்டி 6.3 என்று போட்டால், ரவிக்கைக்கு வெட்டிய பின் முந்தானை குறைந்ததென்று மனத்தாங்கல் வரும். சீட்டை நம்பாது நாமே அளக்கிறோம். ஒரு கட்டில் 5.2 மீட்டரே இருந்ததைக் கண்டு திருப்பியனுப்பினோம். படத்தை விளக்கொளியில் எடாது, பகலில் சன்னலோரம் எடுக்கிறோம். திரும்பும் ஒவ்வொன்றின் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதுகிறோம். ஒரே சேலைக்கு ஒரே காரணம் இருமுறை வருமாயின், குறை நம் எழுத்தில் உள்ளதென்று அப்பக்கத்தை நிறுத்தித் திருத்துகிறோம்.

மாணவர் ஒருவர் எழுந்து, "பிறர் பட்டென்றே எழுதுகின்றனரே, தேடுவோர் அவர்களிடமே செல்லாரோ?" என்றார். செல்கின்றனர், முதல் இரு திங்கள் நம் விற்பனை பாதியாயிற்று என்று ஒப்புக்கொண்டோம். இன்று பத்துக்கு ஒன்று திரும்புவதே அரிது. வாங்குவோருள் பாதிப்பேர் முன்னமே நம்மிடம் வாங்கியவர்.

அந்த அம்மையார் மட்டும் மீண்டும் வரவில்லை.