ஃப்ரீயா வந்த கூட்டம் ஏன் காசு கட்டி நிற்பதில்லை? ஹாட்ஸ்டார் கணக்கு சொல்லும் பாடம்

சாயங்கால ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து கல்லாவி பக்கம் திரும்பும் பஸ்ஸில், ஐபிஎல் சீசன் என்றால் பாதிப் பேர் கையில் மேட்ச்தான் ஓடும். சில நிமிடம் ஃப்ரீயாக ஓடிய வீடியோ திடீரென நின்று, சந்தா கட்டச் சொல்லும் பக்கம் வரும். ஒருவர் 149 ரூபாய் கட்டிவிடுவார். இன்னொருவர் பக்கத்து சீட்டை எட்டிப் பார்ப்பார். மூன்றாமவர், "ரீசார்ஜ் பண்ணா ஃப்ரீயாமே" என்பார்.

இந்த மூன்று பேரில் மூன்று மாதம் கழித்தும் ஆப்பில் யார் இருப்பார்கள்? ஆப் நிறுவனங்களின் லாபமும் நஷ்டமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஃப்ரீமியம் என்றால் என்ன?

ஆப்பின் ஒரு பகுதியை இலவசமாகக் கொடுத்து, மீதிக்குக் கட்டணம் வாங்குவதுதான் ஃப்ரீமியம். இலவசம் ஆளைக் கூட்டி வரும். சந்தா வருமானம் தரும். கேட்க எளிது. ஆனால் ஆளைச் சேர்ப்பதும் ஆளை நிறுத்தி வைப்பதும் ஒரே வேலை இல்லை. அதைக் கோடிக் கணக்கில் காட்டிய கதை ஹாட்ஸ்டாருடையது.

6.13 கோடியிலிருந்து 3.76 கோடிக்கு

2022 அக்டோபர் தொடக்கத்தில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாருக்கு 6.13 கோடி சந்தாதாரர்கள் இருந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் டிஜிட்டல் உரிமையை வயாகாம்18 நிறுவனம் 23,758 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. 2023 ஐபிஎல் ஜியோசினிமாவில் முழுக்க இலவசமாக ஓடியது.

அடுத்து நடந்ததை டிஸ்னியின் காலாண்டு அறிக்கைகளே காட்டுகின்றன. 2022 டிசம்பர் முடிவில் 5.75 கோடி. 2023 மார்ச் முடிவில் 5.29 கோடி. ஜூன் முடிவில் 4.04 கோடி. செப்டம்பர் முடிவில் 3.76 கோடி. ஒரே வருடத்தில் 2.37 கோடி பேர், அதாவது பத்தில் நான்கு பேர் போய்விட்டார்கள்.

விலை அதிகம் என்று போனார்களா? 2023-ன் முதல் பாதியில் ஒரு சந்தாதாரரிடமிருந்து ஹாட்ஸ்டாருக்குக் கிடைத்த சராசரி மாத வருமானம் 0.59 டாலர்தான். அன்றைய மதிப்பில் 50 ரூபாய்க்கும் கீழே. அவ்வளவு குறைந்த விலையிலும் ஆள் நிற்கவில்லை. ஏனென்றால் பெரும்பாலானோர் ஆப்புக்காக வரவில்லை, கிரிக்கெட்டுக்காக வந்தார்கள். கிரிக்கெட் இடம் மாறியதும் அவர்களும் மாறினார்கள். அதே 2023 மார்ச் முடிவில் எச்பிஓ தொடர்களும் ஹாட்ஸ்டாரை விட்டுப் போனது இன்னொரு அடி.

இலவசம் கூட்டிய கூட்டம்

ஹாட்ஸ்டார் பதிலடி கொடுத்தது. 2023 ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் மொபைலில் இலவசம் ஆக்கியது. நவம்பர் 19 அன்று நடந்த இந்தியா - ஆஸ்திரேலியா இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். கூட்டம் என்ற அளவில் பெரிய வெற்றி.

ஆனால் அந்த டிசம்பர் முடிவில் சந்தாதாரர் எண்ணிக்கை 3.83 கோடி. மூன்று மாதத்தில் கூடியது வெறும் 7 லட்சம். இலவச மேட்சால் விளம்பர வருமானம் வந்திருக்கும், அது தனிக் கணக்கு. சந்தா கணக்கில் பார்த்தால், வந்தவர்கள் மேட்ச் பார்த்தார்கள், கிளம்பினார்கள். 'எல்லாமே ஃப்ரீ' என்றால் காசு கட்ட ஒரு காரணமும் மிச்சம் இருக்காது. இலவசப் பகுதி ருசி காட்ட வேண்டும், வயிறு நிரப்பக் கூடாது.

சின்ன ஆப்புக்கும் இதே கணக்குதான்

ஓசூரில் ஒருவர் உடற்பயிற்சி ஆப் ஒன்று தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் செய்து ஒருவரை டவுன்லோட் பண்ண வைக்க 20 ரூபாய் செலவு. 1,000 பேருக்கு 20,000 ரூபாய். அதில் 30 பேர் சந்தா கட்டுகிறார்கள். அப்படியானால் காசு கட்டும் ஒருவரைப் பிடிக்க ஆன செலவு 20 ரூபாய் இல்லை, சுமார் 667 ரூபாய்.

வரியும் ப்ளே ஸ்டோர் கமிஷனும் போக, ஒருவரிடமிருந்து மாதம் 50 ரூபாய் கையில் நிற்கிறது என்போம். மாதாமாதம் 10 சதவீதம் பேர் விலகினால், ஒருவர் சராசரியாக 10 மாதம் இருப்பார். தருவது 500 ரூபாய். ஆள் ஒன்றுக்கு 167 ரூபாய் நஷ்டம். விலகல் 5 சதவீதமாகக் குறைந்தால் 20 மாதம் இருப்பார். தருவது 1,000 ரூபாய். விலை மாறவில்லை, விளம்பரம் மாறவில்லை. விலகல் பாதியானதும் நஷ்டம் லாபமாகிவிட்டது.

அதனால் டவுன்லோட் எண்ணிக்கையைப் பார்த்து ஒரு ஆப்பை எடை போட முடியாது. ஜனவரியில் சேர்ந்த 30 பேரில் ஏப்ரலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நிற்க வைப்பதா, மாட்டி வைப்பதா?

விலகலைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, ஆளுக்குத் தினமும் ஆப் தேவைப்படும்படி செய்வது. இன்னொன்று, வெளியே போகும் கதவை மறைப்பது. ஒரு ரூபாய்க்கு டிரையல் என்று ஆட்டோபே வாங்கிக்கொண்டு, ரத்து செய்யும் பட்டனை ஐந்தாறு பக்கம் தள்ளி வைப்பது இரண்டாவது ரகம்.

இதற்கு இந்தியாவில் கடிவாளம் உண்டு. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் கறாராக அமலானது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ரத்து செய்வதைக் கஷ்டமாக்கும் 'சந்தா பொறி'யைத் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்தன.

கதவை மறைத்தால் அந்த மாத எண்ணிக்கை நன்றாகத் தெரியலாம். ஆனால் அப்படி மாட்டியவர் ஆப்பைத் திறக்கவே மாட்டார். வங்கி மெசேஜ் கண்ணில் படும் நாளில் கோபத்தோடு போவார், திரும்ப வர மாட்டார். ஒரு கிளிக்கில் போக முடிந்தவர் அடுத்த சீசனுக்குத் திரும்பி வரலாம். கிரிக்கெட் போலச் சீசன் சார்ந்த தொழிலுக்கு அந்தத் திரும்பி வருபவர்தான் முக்கியம்.

இப்போது என்ன நிலை?

2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது. ஐபிஎல் இலவசம் போய், கொஞ்ச நேரம் ஃப்ரீ, அப்புறம் சந்தா என்றானது. மொபைல் திட்டம் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய். கூடவே, 299 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ஜியோ ரீசார்ஜ் செய்தால் 90 நாள் ஹாட்ஸ்டார் என்ற சலுகையும் வந்தது. சந்தாதாரர்கள் 20 கோடியைத் தாண்டிவிட்டதாக அந்த ஐபிஎல் சமயத்தில் நிறுவனம் அறிவித்தது.

அந்த 20 கோடியில் 149 கட்டியவரும் உண்டு, ரீசார்ஜோடு வந்தவரும் உண்டு. முதலாமவர் ஆப்பைத் தேர்ந்தெடுத்தவர். இரண்டாமவர் சிம்மைத் தேர்ந்தெடுத்தவர். இருவரையும் ஒரே எண்ணில் கூட்டினால், 2022-ன் 6.13 கோடி மாதிரி அதுவும் உறுதியாகத் தெரியும், சோதனை வரும் வரை.

பஸ்ஸில் 149 கட்டியவர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா ரத்தாகாது. ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே உங்கள் புரொஃபைலில் Payments & subscriptions பகுதிக்குள் Subscriptions போய் நிறுத்த வேண்டும். யுபிஐ மூலம் கட்டியிருந்தால், உங்கள் யுபிஐ ஆப்பின் ஆட்டோபே பகுதியில் அந்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மேட்ச் முடிந்த பிறகும் அந்த ஆப்பைத் திறக்கிறீர்கள் என்றால் காசு தொடரட்டும். இல்லையென்றால் அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம்.