சோம்புத் தட்டில் நாம் வைக்கும் பத்து ரூபாய்

பயிற்சி முகாம் ஒன்றை முடித்துவிட்டு ஆறு பேர் சாப்பிடப் போனோம். நெடுஞ்சாலையோரம் ஓரளவு பெரிய ஓட்டல். கறுத்த, நாற்பது வயது மதிக்கத்தக்க அண்ணன் ஒருவர் ஒன்றரை மணி நேரம் எங்கள் மேசைக்கு ஓடி ஓடிப் பரிமாறினார். சாம்பார் கேட்பதற்கு முன்பே கொண்டுவந்தார், ஆறாவது ஆளுக்கு உறைப்பு ஆகாது என்பதைக்கூட நினைவில் வைத்துக்கொண்டார். பில்லைக் கொண்டுவந்தது மட்டும் சிவப்பாக, சிரித்த முகமாக இருந்த இன்னொரு இளைஞர். மீதிப் பணத்திலிருந்து ஐம்பது ரூபாயை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தோம். வெளியே வந்ததும் ஒரு தோழர் கேட்டார்: "அந்த அண்ணனுக்கு என்ன கொடுத்தீங்க?" யாரிடமும் பதில் இல்லை. சாதி ஒழிப்பைப் பற்றி நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

டிப்ஸ் என்றால் நல்ல சேவைக்கு நாம் விருப்பப்பட்டுக் கொடுப்பது என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் போன்றவர்கள் கண்டது வேறு. வாடிக்கையாளர் சேவைக்கு எத்தனை மதிப்பெண் போடுகிறார் என்பதற்கும் எவ்வளவு டிப்ஸ் வைக்கிறார் என்பதற்கும் உள்ள தொடர்பு மிகவும் சொற்பம். பில் தொகை பெரிதாக இருந்தால் டிப்ஸும் பெரிதாகிறது. அதற்குப் பிறகு பரிமாறுபவரின் உடல் பேசத் தொடங்குகிறது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில் லின்னும் அவருடைய சகாக்களும் தெற்கு அமெரிக்க உணவகம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பினப் பரிமாறுநர்களுக்கு வெள்ளையர்கள் குறைவாக டிப்ஸ் கொடுத்தார்கள், அதில் வியப்பில்லை. கறுப்பின வாடிக்கையாளர்களும் குறைவாகவே கொடுத்தார்கள். இந்த இரண்டாவது வரியைப் படித்தபோதுதான் அந்த ஐம்பது ரூபாய் எங்களுக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

இங்கே இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு ஓட்டலுக்குள் வைத்துச் சொல்கிறோம். தென் மாவட்ட நகரம் ஒன்று. ஓட்டலின் பெயர் வேண்டாம். எங்கள் பகுதிச் சேரியிலிருந்து இரண்டு தம்பிகள், ஒரே கேட்டரிங் பயிற்சியை முடித்து, ஒரே நாளில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். இருவருக்கும் தங்குமிடம், சாப்பாடு போக 14,000 ரூபாய் சம்பளம். ஒருவர் சிவப்பு, ஒருவர் கறுப்பு. வேறு வித்தியாசம் ஏதும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால் இரண்டாமவர்தான் ஆர்டரை மறக்காதவர்.

முதல் நாளே சூப்பர்வைசர் ஆளைப் பிரித்துவிட்டார். சிவப்பாக இருந்தவருக்கு ஏசி ஹால், மற்றவருக்கு வெளி ஹால். காரணம் கேட்டதற்கு, "ஏசிக்கு லுக் வேணும்ப்பா" என்றார். வெளி ஹாலில் இட்லி, பொங்கல் என்று நூறு ரூபாய்க்குள் முடித்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள். ஏசியில் குடும்பமாக வந்து ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிடுகிறவர்கள். பில் தொகையோடு டிப்ஸும் வளரும் என்று முன்பே சொன்னோம். அதாவது வாடிக்கையாளர் யாரும் உள்ளே வருவதற்கு முன்பே பாதிக் கணக்கு முடிந்துவிட்டது.

இருவரையும் தினமும் டிப்ஸைக் குறித்துவைக்கச் சொல்லியிருந்தோம். வேலை பார்த்த 26 நாட்களில் முதலாமவருக்கு 5,720 ரூபாய், இரண்டாமவருக்கு 1,690 ரூபாய். ஒரே சம்பளம் என்று முதலாளி சொல்வது பொய்யல்ல. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் மாதம் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம்.

தீபாவளிக் கூட்டத்தில் ஆறு நாட்கள் மட்டும் ஆள் பற்றாமல் இரண்டாமவரையும் ஏசி ஹாலுக்குள் விட்டார்கள். ஒருவர் விட்டு ஒருவராக மேசைகள். அந்த ஆறு நாட்களில் முதலாமவருக்கு 1,980, இரண்டாமவருக்கு 1,140. ஹால் மாறியதுமே இரண்டாமவரின் வரவு ஒரு நாளுக்கு 65 ரூபாயிலிருந்து 190 ஆக உயர்ந்ததைக் கவனியுங்கள். பண்டிகைக் கூட்டம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்படியும் பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்ததில் பத்தில் ஆறு பங்குக்கும் கீழாகவே அவருக்குக் கிடைத்தது. இரண்டு பேர், ஆறு நாள். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஆளைப் பார்த்து ஹாலைக் கொடுப்பதும், ஆளைப் பார்த்துப் பணத்தைக் கொடுப்பதும் தனித்தனியான இரண்டு வெட்டுகள் என்பது இதில் துலக்கமாகத் தெரிகிறது.

இரண்டாமவர் சொன்னதில் கணக்கைவிடவும் எங்களை உறுத்தியது வேறொன்று. "அவன்கிட்ட கையில குடுக்குறாங்கண்ணே. எனக்குச் சோம்புத் தட்டுலதான் வைக்கிறாங்க." பில்லோடு வரும் அந்தத் தட்டில் காசை வைப்பது ஓட்டல் வழக்கம்தானே என்று நாங்கள் சமாதானம் சொன்னோம். "அப்ப அவனுக்கும் தட்டுலதானே வைக்கணும்?" என்றார். வாயடைத்துப் போனோம்.

'லுக்' என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கின்றன? நிறம், பல்வரிசை, முகத்தில் அம்மைத் தழும்பு இல்லாமை, இஸ்திரி போட்ட சட்டை, கிழியாத ஷூ. இதில் பாதி பணத்தால் வாங்கக்கூடியது. கொஞ்சம் டிப்ஸ் வந்த பிறகு முதலாமவர் நல்ல சலூனில் முடிவெட்டிக்கொண்டார், தோல் ஷூ வாங்கினார், இன்னும் கொஞ்சம் 'லுக்' ஆனார். மீதிப் பாதி நிறம். நம் ஊரில் நிறம் வெறும் அழகாக மட்டும் நிற்பதில்லை. அதை வைத்து 'நம்மாளா, அவங்களா' என்று ஆளை எடைபோடும் பழக்கம் இருக்கிறது. நிறத்துக்கும் சாதிக்கும் அப்படியொரு பொருத்தம் கிடையாது என்பதற்கு இந்த இரண்டு தம்பிகளே சாட்சி: ஒரே தெரு, ஒரே சாதி. ஏசி ஹாலுக்கு வாரம் தவறாமல் குடும்பத்தோடு வந்த பெரியவர் ஒருவர் முதலாமவரைத் தன் சொந்தக்காரப் பையனைப் போலப் பாவித்து, ஒவ்வொரு முறையும் ஐம்பது ரூபாய் கொடுத்துவந்தார். ஒரு நாள், "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டார். தம்பி மறைக்காமல் சொல்லிவிட்டார். அடுத்த வாரமும் பெரியவர் வந்தார், ஆனால் அந்தத் தம்பியின் மேசைக்கு அல்ல. இப்போதெல்லாம் யார் கேட்டாலும் முதலாமவர் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்.

சூப்பர்வைசரிடம் பேசினோம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. "நான் சாதி பார்க்கலைங்க. கஸ்டமர் எதைப் பார்க்கிறாங்களோ அதை நான் பார்க்கிறேன்" என்றார். வாடிக்கையாளரைக் கேட்டால், தான் வெறும் டிப்ஸ்தான் வைத்ததாகச் சொல்வார். இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். சில வாரங்களில் இரண்டாமவர் மேசை துடைக்கவும், பிறகு பாத்திரம் கழுவும் இடத்துக்கும் போனார். யாரும் அவரைத் திட்டவில்லை, சாதிப் பெயர் சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் எழுத ஒரு சொல்கூடக் கிடைக்காது.

மற்ற சட்டங்களும் இங்கே எட்டுவதில்லை. அரசியலமைப்பின் 15(2) பிரிவு, கடைக்கும் உணவகத்துக்கும் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடும் உரிமையைக் காக்கிறது. உள்ளே யார் பரிமாறுவது, யார் கழுவுவது என்பதைப் பற்றி அது பேசவில்லை. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வேலைக்கு எடுப்பதிலும் கூலியிலும் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. சாதி, நிறம் என்ற சொற்கள் அந்தப் பிரிவில் இல்லை. வருமான வரி வழக்கு ஒன்றில் 2016இல் உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. எனவே அந்தப் பணத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால், அது தன் கணக்கில் வராது என்று முதலாளி சொல்லிவிடலாம்.

ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் டிப்ஸ் கிடையாது, ஆனால் அதே வேலையைக் கவுண்டர் செய்கிறது. பட்டுச் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணுக்கு விற்பனை இன்சென்டிவ் அதிகம், உள்பாவாடைப் பிரிவில் குறைவு, குடோனில் ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் எந்தத் தளத்தில் நிற்கிறார்கள் என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். அழகுக்காக முன்னால் நிறுத்தப்படும் பெண்களுக்கு அது வெறும் சலுகையும் அல்ல. கூடுதலாகக் காசு தருகிறவர் போன் நம்பரையும் கேட்கிறார், முறைத்தால் 'சிரிச்ச முகம் இல்லை' என்று புகார் போகிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அந்த ஓட்டலுக்கே வருவோம். தொழிலாளர்கள் இரண்டு கோரிக்கைகள் வைத்தார்கள். வாரம் ஒருமுறை ஹால் மாற்றம். டிப்ஸ் எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஹால் மாற்றத்தை முதலாளி ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். பெட்டியை மறுத்தது முதலாளி அல்ல, ஏசி ஹால் சர்வர்கள். அவர்களுடைய கோபத்தையும் புரிந்துகொள்ள வேண்டும்; முதலாமவருடைய வீட்டில் அக்கா கல்யாணக் கடன் இருந்தது. கடைசியில் பாதிக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டார்கள். கிடைப்பதில் பாதி அவரவர்க்கு, பாதி பெட்டிக்கு. ஒரு மாதம் பெட்டியில் சேர்ந்தது 11,900 ரூபாய். ஆறு சர்வர்களுக்கு ஆளுக்கு மூன்று பங்கு, மேசை துடைக்கும் நால்வருக்கும் பாத்திரம் கழுவும் நால்வருக்கும் ஆளுக்கு இரண்டு பங்கு. மொத்தம் 34 பங்கு, ஒரு பங்கு 350. சர்வருக்கு 1,050, மற்றவர்களுக்கு 700. அதுவரை ஒரு ரூபாய்கூட டிப்ஸ் பார்க்காத எட்டுப் பேர் கையில் அன்று பணம் இருந்தது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் பெரிய சண்டை. கல்லாவில் வைத்தால் உடைந்த தட்டுக்கும் குறைந்த கணக்குக்கும் அதிலிருந்தே பிடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இரவு கடை அடைத்ததும் இரண்டு தொழிலாளர்கள் சேர்ந்து எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பிரிட்டனில் டிப்ஸ் முழுவதும் தொழிலாளர்களுக்கே, அதுவும் நியாயமான முறையில் பிரிக்கப்பட வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இங்கே அந்த நோட்டுதான் சட்டம்.

இப்போது புதிய ஓட்டை ஒன்று விழுந்திருக்கிறது. சில்லறை இல்லை என்று வாடிக்கையாளர்கள் சர்வரின் சொந்த போனுக்கே ஜிபே செய்கிறார்கள், அது பெட்டிக்கு வருவதில்லை. பெட்டியின் பெயரில் ஒரு க்யூஆர் அட்டை வைக்கலாம் என்றால், யார் வங்கிக் கணக்கில் என்ற கேள்வியில் நிற்கிறது. நீங்கள் ஏதாவது ஓட்டலில் டிப்ஸ் வைக்கும்போது, "இது கழுவுறவங்களுக்கும் போகுமா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாங்கள் இப்போது கேட்கிறோம். சில இடங்களில் சர்வர் சிரிப்பார், சில இடங்களில் சூப்பர்வைசர் வந்து நிற்பார்.

இரண்டாமவர் இன்னும் பாத்திரம் கழுவும் இடத்தில்தான் இருக்கிறார். போன மாதம் அவருக்குப் பெட்டியிலிருந்து 640 ரூபாய் வந்தது. கேரளாவில் வேறு ஓட்டலில் பரிமாறும் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். முழு உயரப் போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம்.