டெக் பக்கம்: பந்து எங்கே போச்சு?

போன வாரம் பெரியப்பா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து பந்தை வீசினார். "ஏம்மா, பந்து பாதி வழியில காணாமப் போகுதே... உனக்குத் தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டார் தாத்தா.

சென்ற வருடம்தான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. புது டி.வி வந்ததிலிருந்தே இப்படித்தானாம். மறுபடியும் கண்ணில் கோளாறோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் ஸ்கோரை மட்டும் காதால் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அடுத்த பந்தை நான் உற்றுப் பார்த்தேன். எனக்கும் அது நடுவழியில் மறைந்துதான் போனது!

ரிமோட்டை எடுத்துப் பார்த்தால், படம் Sports மோடில் இருந்தது. விளையாட்டுக்கு விளையாட்டு மோடு சரிதானே என்று பெரியப்பா வைத்திருக்கிறார். பல டி.வி-களில் இந்த மோடு வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றி, Sharpness-ஐயும் கூட்டி, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் சேர்த்தே ஆன் செய்துவிடும். தாத்தாவின் பந்தை விழுங்கியது கடைசியாகச் சொன்ன அந்த வசதிதான்.

எப்படி என்று பார்ப்போம். நம் நாட்டு ஒளிபரப்பில் நொடிக்கு 50 முறை படம் மாறும். 140 கி.மீ வேகத்தில் வரும் பந்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் சுமார் 78 செ.மீ தாண்டிவிடும். பெரியப்பாவின் டி.வி நொடிக்கு 100 படம் வரை காட்டக்கூடியது. அதனால் இரண்டு படங்களுக்கு நடுவே, தானே ஊகித்து ஒரு படத்தை வரைந்து செருகுகிறது. பெரிய உருவமான பேட்ஸ்மேனை ஊகிப்பது அதற்குச் சுலபம். இத்தனூண்டு பந்து ஒரே தாவலில் அவ்வளவு தூரம் போனால், இங்கிருந்த பந்துதான் அங்கே இருக்கிறது என்பது அதற்குப் புரிவதில்லை. அதனால் பந்து மறையும், இரண்டாகத் தெரியும் அல்லது வால் முளைத்த மாதிரி இழுபடும். பந்தின் நிறமும் பின்னணியின் நிறமும் ஒத்துப்போகும்போது இது இன்னும் மோசமாகும்.

இந்த வசதிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. எல்ஜி-யில் TruMotion, சோனி-யில் Motionflow, சாம்சங்கில் Picture Clarity Settings. பிக்சர் செட்டிங்குக்குள் தேடினால் கிடைக்கும். முதலில் அதை முழுசாக ஆஃப் செய்து இரண்டு ஓவர் பாருங்கள். கேமரா வேகமாகத் திரும்பும்போது படம் வெட்டி வெட்டி ஓடுவதாகத் தோன்றினால், திரும்ப ஆன் செய்து, De-Judder, Smoothness, Judder Reduction என்று உங்கள் டி.வி-யில் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதை மட்டும் ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். பந்து உடையத் தொடங்கினால் ஒரு புள்ளி கீழே இறக்கிவிடுங்கள்.

அடுத்தது Sharpness. இதைக் கூட்டினால் படத்தில் புது விவரம் எதுவும் சேராது. ஓரங்களில் ஒரு கோடு கூடுதலாக விழும், அவ்வளவுதான். திரையின் கீழே ஓடும் ஸ்கோர் எழுத்துகளைப் பாருங்கள். அவற்றைச் சுற்றி வெள்ளையாக ஒரு நிழல் தெரிந்தால் Sharpness அதிகம் என்று அர்த்தம். நிழல் மறையும்வரை குறையுங்கள். சில மாடல்களில் 0-தான் இயல்பு, சிலவற்றில் நடு எண். அதனால் எண்ணை நம்பாமல் எழுத்தை நம்புங்கள்.

பெரியப்பா வீட்டில் Standard மோடுக்கு மாற்றி, இந்த இரண்டையும் சரிசெய்தேன். கண்ணைப் பறித்த புல்தரையின் பச்சையும் அடங்கியது. ஒரு விஷயம், பல டி.வி-களில் இந்த செட்டிங் அந்தந்த HDMI-க்கு மட்டும்தான் பதிவாகும். செட்டாப் பாக்ஸுக்குச் செய்ததை டி.வி-க்குள் இருக்கும் ஆப்புக்கும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கலாம்.

எல்லாவற்றையும் செட்டிங்கால் சரிசெய்துவிடவும் முடியாது. ஆப்பில் பார்க்கும்போது மங்கலான இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். நின்ற படத்திலும் புல்தரை கட்டம் கட்டமாகத் தெரிந்தால் இன்டர்நெட் வேகமோ ஒளிபரப்பின் தரமோ குறைவு. ரிமோட்டைக் குடைந்து பயனில்லை.

இப்போது தாத்தா, "யார்க்கர்டா அது!" என்று ரீப்ளே வருவதற்கு முன்பே சொல்கிறார். உங்கள் வீட்டிலும் யாராவது பந்து தெரியவில்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு ஓவர் பாருங்கள். எல்லோருக்கும் மறைந்தால் டி.வி-யைக் கவனியுங்கள். அவருக்கு மட்டும் மறைந்தால், தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.