உதடு ஒட்டும் இடம்

ஒரு சின்னப் பரீட்சை. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு ‘அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் உதடு இரண்டும் ஒட்டிப் பிரிகிறதல்லவா? இப்போது ‘டாட்’ என்று சொல்லுங்கள். உதடு ஒட்டவே இல்லை. ஆங்கிலப் படத்தைத் தமிழில் பேச வைக்க வசனம் எழுதுகிறவருக்குத் தலைவலி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. குழந்தையின் முகம் திரை முழுக்கத் தெரிகிறது, அது ‘டாட்’ என்கிறது. நாம் ‘அப்பா’ என்று போட்டால் காதில் ‘ப்பா’ விழும்போது கண்ணில் உதடு திறந்தே இருக்கும். அதனால்தான் அந்த மாதிரி இடத்தில் ‘டாடி’ என்றே விட்டுவிடுகிறார்கள். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிட்டால், தாராளமாக ‘அப்பா’!

விளாங்குடியில் எங்கள் தெருவில் லீவு விட்டால் பிள்ளைகள் டி.வி.யில் ஆங்கிலப் படங்களைத் தமிழில்தான் பார்க்கிறார்கள். பக்கத்தில் பாட்டியும் உட்கார்ந்திருப்பார். அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கப் பாட்டிக்குக் கண் போதாது. வாயும் பேச்சும் ஒட்டவில்லையென்றால், “என்னடா, பேச்சு தனியா வருது?” என்று எழுந்து போய்விடுவார். அவருக்குக் கதை போய்ச் சேர்வதும் சேராததும் வசனம் எழுதியவர் கையில்தான் இருக்கிறது.

டப்பிங் நமக்குப் புதிதல்ல. ஏவி.எம். செட்டியார் கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ் பேச வைத்து 1944-லேயே வெளியிட்டுவிட்டார். ஆனால் கன்னடமும் தமிழும் அக்கா தங்கை. இரண்டிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் வாக்கியம் தலைகீழ். அதனால் 2019-ல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்துக்குத் தமிழ் வசனம் எழுதிய ஏ.ஆர்.முருகதாஸ் மாதிரியானவர்களுக்கு வேலை வேறு.

சரி, எல்லா எழுத்துக்கும் வாயைப் பொருத்த வேண்டுமா? வேண்டாம். க, ச, ட, த, ந, ர, ல எல்லாம் நாக்கின் வேலை. வெளியே அவ்வளவாகத் தெரியாது. காட்டிக்கொடுப்பவை மூன்றுதான். முதலாவது, உதடு ஒட்டும் ப, ம. இரண்டாவது, மேல்பல் கீழுதட்டைத் தொடும் வ. ஆங்கிலத்தின் ‘எஃப்’, ‘வி’ இரண்டுக்கும் இதுதான் ஈடு. மூன்றாவது, உதடு குவியும் உ, ஓ. இந்த மூன்றும் சரியாக விழுந்துவிட்டால் மீதியைக் கண் மன்னித்துவிடும்.

கண் இதில் எவ்வளவு தலையிடுகிறது என்பதற்கு 1976-ல் மக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் காட்டினார்கள். திரையில் ஒருவர் ‘க’ என்று வாயசைக்கிறார். ஒலியில் ‘ப’ ஓடுகிறது. பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமே கேட்கவில்லை, ‘ட’ போல ஒன்று கேட்டது! உதடு ஒட்டாத இடத்தில் ‘ப’ வைத்தால் பார்ப்பதற்கு அழகு கெடுவதோடு, சொல்லே காதில் மாறிப் போகலாம்.

இப்போது ஒரு வரியை எடுத்துச் செய்து பார்ப்போம். உதாரணத்துக்காக நானே அமைத்த காட்சி இது. ஓர் அம்மா மகளைக் கண்டிக்கிறார், முகம் நெருக்கத்தில் தெரிகிறது. “ஐ டோல்ட் யூ, டோன்ட் ஓப்பன் தி பாக்ஸ் பிஃபோர் மண்டே.” பேசி முடிக்க இரண்டரை விநாடி. சினிமாவில் விநாடிக்கு 24 பிரேம் என்பதால், 60 பிரேம்.

முதலில் ஒலியை நிறுத்திவிட்டு நான்கைந்து தடவை வாயை மட்டும் பார்க்க வேண்டும். வாய் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ண வேண்டும். இங்கே 12. எங்கே நிற்கிறார்? ‘யூ’வுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. உதடு ஒட்டுவது எங்கே? ஓப்பனின் ‘ப’, பாக்ஸின் ‘பா’, பிஃபோரின் ‘பி’, மண்டேயின் ‘ம’. பல் உதட்டைத் தொடுவது ‘ஃபோ’வில். இதையெல்லாம் தாளில் குறித்த பிறகுதான் தமிழுக்கு வர வேண்டும்.

நேராக மொழிபெயர்த்தால், “திங்கட்கிழமைக்கு முன்னாடி அந்தப் பெட்டியைத் திறக்காதேன்னு நான் உன்கிட்ட சொன்னேனே!” அர்த்தம் பழுதில்லை. எண்ணிப் பாருங்கள், 26 வாய்த் திறப்பு. இரண்டரை விநாடிக்குள் இதைச் சொன்னால் அம்மா ஏலம் விடுவது போல இருக்கும். முடியும்போது ‘மண்டே’க்கு உதடு ஒட்டும், நம் ‘சொன்னேனே’யில் ஒட்டாது.

அதே கோபத்தை வேறு சொல்லில் கொடுத்தால்? “நான் சொன்னேன்ல, அந்தப் பெட்டிப் பக்கம் போவாதம்மா.”

ஒவ்வொன்றாகப் பொருத்துவோம். ‘ஐ’க்கு வாய் அகலும், ‘நா’வுக்கும் அகலும். ‘டோ’வுக்கு உதடு குவியும், ‘சொ’வுக்கும் குவியும். கூடுதலாக வந்த ‘ல’ நாக்கெழுத்து, இடைவெளியில் ஒட்டிக்கொள்ளும். ‘டோன்ட் ஓ’ என்பதற்கு ‘அந்தப்’, ‘ப்பன்’ வரும் இடத்தில் ‘பெட்’, ‘பாக்ஸ்’ வரும் இடத்தில் ‘பக்’. ‘பிஃபோர்’ என்பதற்குப் ‘போவா’, அதில் ‘ஃபோ’வுக்கு ‘வா’ போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘போகாத’ என்று எழுதியிருந்தால் அந்தப் பல் அசைவு வீணாகியிருக்கும். பேச்சுவழக்கு கைகொடுக்கும் இடம் இது. ‘மண்டே’க்கு ‘ம்மா’. மொத்தம் 14 திறப்பு. ‘த’வைக் கொஞ்சம் விழுங்கிப் பேசினால் கணக்கு சரியாகிவிடும்.

திங்கட்கிழமை எங்கே போனது? அடுத்த ஷாட்டில் அம்மா அடுப்பு பக்கம் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாது. “திங்கக்கெழம வரட்டும்” என்பதை அங்கே போட்டுவிடலாம். வாய் தெரியாத இடம்தான் வசனகர்த்தாவுக்குச் சேமிப்புக் கணக்கு. நெருக்கக் காட்சியில் வெட்டியதை அங்கே வரவு வைக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘திறக்காதே’ என்பது ‘பக்கம் போகாதே’ ஆகிவிட்டது. பின்னால் மகள், “நான் தொட்டேன், திறக்கலை” என்று வாதாடும் காட்சி வருமானால் நம் வரி கதையைக் கவிழ்த்துவிடும். அப்போது உதட்டை ஓரமாக வைத்துவிட்டுத் ‘திறக்காத’ என்றே எழுத வேண்டும். அதனால்தான் முழுப் படத்தையும் பார்க்காமல் முதல் வரியை எழுதக் கூடாது என்பார்கள்.

பேச்சுவழக்கு நீளத்துக்கும் உதவும். ‘அங்கே’ இரண்டு திறப்பு, நம்ம மதுரை ‘அங்கிட்டு’ மூன்று. இரண்டிலும் உதடு ஒட்டாது. ஆங்கில நடிகர் ஒரு தடவை கூடுதலாக வாயைத் திறந்தால் அங்கிட்டு காப்பாற்றும். ‘ப்ரோ’வுக்கு ‘தம்பி’யைவிட ‘மச்சி’ பொருந்தும், உதடு ஆரம்பத்திலேயே ஒட்டுகிறதே! ஆனால் அந்தப் பாத்திரம் மச்சி என்று கூப்பிடுகிற ஆளா என்பதையும் பார்க்க வேண்டும். நீதிபதி மச்சி என்றால் அரங்கம் சிரித்துவிடும்.

கடைசியாக நேரம். ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லிவிநாடியிலேயே, அதாவது ஒரு பிரேமிலேயே, தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை, அதாவது மூன்று பிரேம் வரை, கண்டுகொள்ள மாட்டோம். இடி மின்னலுக்குப் பிறகுதானே கேட்கும், பிந்துவது நமக்குப் பழக்கம். சந்தேகமான இடத்தில் வசனம் முந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த தடவை தமிழ் பேசும் ஆங்கிலப் படம் பார்க்கும்போது வசனத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கவனியுங்கள். பேச்சு முடிந்த பிறகும் வாய் அசைந்தால் தமிழ் குறைந்துவிட்டது. வாய் மூடிய பிறகும் பேச்சு வந்தால் யாரோ 26-ஐ 12-க்குள் திணித்திருக்கிறார்கள்.