அப்பா செத்து முப்பத்தஞ்சு வருஷம், மகளின் பங்கு செத்துப் போச்சா?

யூடியூபில் இந்தியச் சட்டத்தரணிகள் பேசும் வீடியோக்கள் எங்கட பக்கத்து ஃபோன்களிலும் சுத்துது. 2020 ஆகஸ்ட் 11ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்புச் சொன்னது: இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு, 2005இல் சட்டம் திருத்தப்பட்ட நாளில் அப்பா உயிரோட இருந்திருக்க வேணும் என்ற கட்டாயம் இல்லை. நல்ல தீர்ப்புத்தான். ஆனா அதைப் பார்த்துவிட்டு உடப்பிலோ முந்தலிலோ இருக்கும் ஒரு பெண் "அப்ப எனக்கும் 2005க்குப் பிறகுதான் உரிமை வந்ததோ, அப்பா எண்பத்தெட்டிலேயே செத்துட்டாரே" என்று யோசித்தால், அந்த யோசனை தொடக்கத்திலேயே பிழை. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. செல்லவும் தேவையில்லை.

இலங்கையின் பொதுச் சட்டத்தில் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க, திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. புத்தளம் கரையோரத்து இந்துத் தமிழரும் கத்தோலிக்கத் தமிழரும் பொதுவா இதுக்குள்தான் வருகிறார்கள். தேசவழமை வடமாகாணத் தமிழருக்கானது. அங்கேயிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் என்றால் அதைத் தனியாகப் பார்க்க வேணும். 1876இன்படி ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், பாதி மனைவிக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற பேதம் அதில் இல்லை. கலியாணம் கட்டிப் போனவள், கட்டாதவள் என்ற பேதமும் இல்லை.

இங்கே முஸ்லிம் நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேணும். கற்பிட்டியிலும் புத்தளம் நகரிலும் வாழும் முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி ஷரீஆ பங்கீடு, மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. அந்தச் சமமின்மை பற்றிய விவாதத்தை இன்னொரு நாளைக்கு வைக்கிறோம். ஆனா கீழே நாங்கள் சொல்லப்போகும் "காலம் கடந்தா பங்கு போகுமா" என்ற விஷயம் எல்லாருக்கும் ஒண்டுதான்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுப்போம். அப்பா 1988இல் இறக்கிறார். அவருடைய அப்பாவிடமிருந்து வந்த 80 பேர்ச் தென்னங்காணி இருக்கு. மனைவி, இரண்டு மகன், இரண்டு மகள். இறந்த அந்த நிமிஷமே 40 பேர்ச் அம்மாவுக்கு, பிள்ளைகளுக்குத் தலைக்கு 10. இதுக்கு உறுதி எழுதத் தேவையில்லை, வழக்குப் போடத் தேவையில்லை, சட்டமே மாற்றிவிடுகிறது. 2005இல் அம்மாவும் எதுவும் எழுதாமல் போகிறார். அவருடைய 40, நாலு பேருக்கும் பத்துப் பத்தாகப் போகும். இப்ப ஆளுக்கு 20 பேர்ச். அக்கா ஒருத்தி இடையில் இறந்திருந்தாலும், அம்மாவின் காணியில் அவளுக்கு வரவேண்டிய பத்தை அவளுடைய பிள்ளைகள் அவள் இடத்தில் நின்று எடுப்பார்கள்.

"சீதனம் குடுத்தாச்சே, பிறகென்ன பங்கு?" வீட்டுக்கு வீடு கேட்கும் வசனம் இது. பொதுச் சட்டத்தில் சீதனம் பங்கை அழிக்காது. மகள் பங்கு கேட்டு வரும்போது கலியாணத்துக்கு வாங்கியதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி மற்றவர்கள் கேட்கலாம், அவ்வளவுதான். அண்ணனுக்கு வள்ளமும் எஞ்சினும் வாங்கிக் குடுத்து வாழ்க்கையைத் தொடக்கிவிட்டிருந்தால் அதையும் அதே கணக்கில் சேர்க்கச் சொல்லலாம். இதை ஏன் ஒருத்தரும் சொல்லுறதில்லை என்று எங்களுக்கும் தெரியேல்ல.

இனி முக்கியமான இடம். 1988இலிருந்து அண்ணன்தான் அந்தக் காணியில் இருக்கிறார். "பத்து வருஷம் ஆண்டா காணி ஆண்டவனுக்கு" என்று ஊரில் ஒரு பேச்சு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் பத்து வருஷம் என்று சொல்வது உண்மை. ஆனா அது மற்றவருடைய உரிமைக்கு எதிராக, தடையில்லாமல் ஆண்ட பத்து வருஷம். பங்காளிகளில் ஒருவர் காணியில் இருந்தால் அவர் எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருக்கிறார் என்றே சட்டம் எடுக்கும்.

இந்த விதியை உறுதியாக்கிய வழக்கு எங்கட மாவட்டத்துச் சிலாபத்திலிருந்தே போனது என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் எழுத்தொன்றும் இல்லாமல் இறந்துபோக, அவருடைய சகோதரர் இசேரிஸ் அப்புஹாமி காணியைத் தனியே நீண்டகாலம் ஆண்டார். மற்ற வாரிசுகளின் பங்குகளை வாங்கிய கொரயா வழக்காடினார். இலங்கை உயர் நீதிமன்றம் இசேரிஸ் பக்கம் நின்றது. 1911இல் லண்டனில் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. மனசுக்குள்ளே "இது எனக்கு மட்டும்" என்று நினைத்துக்கொண்டு இருந்தால் போதாது, மற்றப் பங்காளிகளை வெளியேற்றியிருக்க வேணும், அல்லது அதுக்குச் சமமான ஒரு செயல் நடந்திருக்க வேணும் என்றது.

அப்போ தங்கச்சி நிம்மதியாகத் தூங்கலாமா? இல்லை. 1918இல் திலகரத்ன எதிர் பாஸ்தியன் வழக்கில் உயர் நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்துவிட்டது. நெடுங்காலமும் சூழ்நிலைகளும் சேர்ந்து நின்றால், வெளியேற்றம் எப்பவோ நடந்திருக்கு என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். அந்த வழக்கில் காணியில் காரீயம் தோண்டி எடுத்து, மற்றவர்களுக்குக் கணக்கே காட்டவில்லை. எங்கட கரையில் இதுக்குக் கிட்டிய உதாரணம் என்று பார்த்தால், தென்னையை வெட்டிவிட்டு இறால் பண்ணை போட்டு, வருமானம் முழுவதையும் அண்ணனே எடுப்பதைச் சொல்லலாம். தன் பெயரில் பிரகடன உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவது, முழுக் காணியையும் வெளியாளுக்கு விற்பது, தங்கச்சி வந்து கேட்டபோது "உனக்கு இங்க ஒண்டுமில்ல" என்று படலையை மூடுவது, இதெல்லாம் பத்து வருஷ மணியை ஓட வைக்கக்கூடியவை. வெறுமனே வேலி போட்டு, தேங்காய் பிடுங்கி, வரி கட்டுவது தனியே போதாது.

மறுபக்கம், தேங்காய் பறிக்கும்போதெல்லாம் அண்ணன் அம்பது காய் அனுப்பியிருந்தால்? அது பாசம் மட்டுமில்லை. விளைச்சலில் குடுத்தது உரிமையை ஒத்துக்கொண்டதற்கு அடையாளம் என்று அந்தக் கட்டளைச்சட்டமே சொல்லுது. அனுப்பினதுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி, ஒரு வங்கிச் சீட்டு இருந்தால் கவனமாக வைத்துக்கொள்ளுங்க.

வெளிநாட்டில் வேலை செய்யும் பெண்களுக்கு இன்னொன்று. எதிரான ஆட்சி தொடங்கிய நேரத்தில் உரிமைக்காரி கடல் கடந்து இருந்தாலோ, வயது வராத பிள்ளையாக இருந்தாலோ, அந்தத் தடை இருக்கும்வரை பத்து வருஷம் ஓடாது. ஆனா முப்பது வருஷம் எதிராக ஆண்டுவிட்டால் இந்தச் சலுகையும் நிற்காது.

பங்கே இல்லாமல் போகும் இடங்களும் இருக்கு, மறைக்கக் கூடாது. இலங்கைப் பொதுச் சட்டத்தில் பிறப்பால் வரும் உரிமை என்று ஒன்று கிடையாது. அப்பா உயிரோட இருக்கும்போதே முழுக் காணியையும் மகனுக்கு நன்கொடை உறுதியாக எழுதியிருந்தால், அல்லது மரணசாசனத்தில் மகளை விட்டிருந்தால், முதுசம் என்றாலும் மகள் கேட்க முடியாது. இந்தியாவுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இதில்தான். அடுத்தது அரச அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வாரிசு அட்டவணை மகன்மாரைத்தான் முன்னுக்கு வைத்தது, 2022இல்தான் திருத்தினார்கள். அதனால் முதலில் கேட்க வேண்டியது: கையில் இருப்பது உறுதியா, பெர்மிட்டா?

உறுதி என்றால் காணிப் பதிவகத்துக்குப் போய் அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கத்தைத் தேடுங்க. உறுதியின் இலக்கம், காணியின் பெயர், எல்லைகள் தெரிந்தால் வேலை லேசு. அப்பாவின் உறுதிக்குப் பிறகு ஏதாவது எழுதப்பட்டிருக்கா, எந்த வருஷம் என்று பாருங்க. அண்ணனின் பிரகடன உறுதி 2019 என்றால் பத்து வருஷம் இன்னும் முடியேல்ல. 1994 என்றால் கதை கஷ்டம். ஒன்றுமே இல்லையென்றால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டப்படி பங்காளி எவரும் மாவட்ட நீதிமன்றத்தில் காணியைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

அந்த வழக்கை அண்ணன் முந்திப் போட்டு, உங்கட பெயரைச் சேர்க்காமல் விட்டாலும் கவனம் தேவை. அப்படி வழக்கு வந்தால் காணியில் அறிவித்தல் ஒட்டுவார்கள், நில அளவையாளர் வந்து அளப்பார். பிரிவிடல் தீர்ப்பு மிகச் சில விதிவிலக்குகள் தவிர வழக்கில் இல்லாதவரையும் கட்டும். அளவைச் சங்கிலி காணியில் விழுகுது என்று பக்கத்து வீட்டு மாமி ஃபோன் எடுத்தால், அடுத்த பஸ்ஸில் ஏறுங்க.