ஊழியர் என்றால் யார்?

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலை பஸ் ஏறும் நம் தோழர்களில் பலர் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். அவர்கள் வேலை செய்யும் கம்பெனிகளில் சிலவற்றின் அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தாள் ஒன்று தொங்குகிறது. உள்ளே நடக்கும் மோசடியைச் சொல்பவருக்குப் பாதுகாப்பு உண்டு என்பது அதன் பொருள். அதைத் தொங்கவிட்டது நிர்வாகத்தின் தாராள மனசு அல்ல. பங்குச் சந்தையில் பதிந்த கம்பெனிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகள், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் பெற்ற கம்பெனிகள் ஆகியவை இப்படி ஒரு புகார் வழியை வைத்தே தீர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 177ஆவது பிரிவு கட்டளையிடுகிறது.

ஆனால் அந்தத் தாளைப் படித்துப் புரிந்துகொண்டவர் யார்? அதன் நடை, தமிழில் சொன்னால், ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நல்லெண்ணத்துடன் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல் செய்யும் ஊழியர் எவரும் பாதகமான நடவடிக்கைக்கு உள்ளாக்கப்படலாகாது, தீய நோக்குடன் செய்யின் தக்க நடவடிக்கைக்கு உள்ளாவார்." இதைக் கேட்டவுடன் நம் தொழிலாளி காதில் விழுவது கடைசி நாலு வார்த்தை மட்டும்தான். வாயை மூடிக்கொள்கிறான்.

இந்தப் பகுதியை நாம் இப்படி எழுதச் சொல்கிறோம்:

"கம்பெனிப் பணத்தையோ பொருளையோ யாராவது திருடுவதை, பொய்க் கணக்கு எழுதுவதை, லஞ்சம் வாங்குவதை நீங்கள் கண்டால் எங்களுக்கு எழுதுங்கள். தமிழிலும் எழுதலாம். நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உண்மை என்று நீங்கள் நம்பினால் போதும். விசாரணையில் குற்றம் உறுதிப்படாவிட்டாலும் உங்களுக்குத் தண்டனை இல்லை. பொய் என்று தெரிந்தே எழுதினால் மட்டுமே நடவடிக்கை உண்டு. புகார் செய்ததற்காக உங்களை வேலையை விட்டு நிறுத்தவோ, ஷிப்ட் மாற்றவோ, ஓவர்டைமை வெட்டவோ, மிரட்டவோ கூடாது. உங்கள் மேலதிகாரி மீதே புகார் என்றால், தணிக்கைக் குழுத் தலைவருக்கு நேரே எழுதுங்கள்."

இதற்குக் கீழே அந்தத் தலைவரின் பெயரும் தபால் முகவரியும் இருக்க வேண்டும். அவை இல்லாத தாள் வழி காட்டாத கைகாட்டி மரம்.

எழுதும் முறையிலும் சூட்சுமம் உண்டு. எடைமேடையில் பழைய இரும்பு லாரி நிற்கிறது, ஏற்றியது பத்து டன், சீட்டில் எட்டு டன் என்று வைத்துக்கொள்வோம். "சூப்பர்வைசர் திருடன்" என்று எழுதுவதில் பயனில்லை. தேதி, நேரம், லாரி நம்பர், சீட்டு நம்பர், எத்தனை நடை ஏற்றினார்கள் என்று எழுதினால் விசாரிப்பவர் நேரே கணக்குப் புத்தகத்துக்குப் போகலாம். அன்று இரவு மேடையில் இரண்டே பேர் இருந்திருந்தால், "பக்கத்தில் நின்று பார்த்தேன்" என்ற ஒரு சொல்லே எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயரை மறைத்துப் பயனில்லை. (கூலி பாக்கி, போனஸ் தகராறு இந்த வழியில் தீராது. அதற்கு லேபர் ஆபீஸ் இருக்கிறது.)

ரயில்வேயிலும் ஐ.டி.ஐ., பெமல் போன்ற மத்திய அரசு ஆலைகளிலும் உள்ளவர்களுக்கு வேறு வழி. தேசிய நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே 2002இல் ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டும் கடிதம் பெயரோடு கைமாறிற்று. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சி.பி.ஐ. கொலைக்குக் காரணம் எதுவானாலும், நாட்டில் எழுந்த கொதிப்பால் 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. அதன்படி புகாரை ஒட்டிய உறையில், பொதுநலப் புகார் என்று மேலே குறித்து, டில்லியில் உள்ள மத்திய விஜிலன்ஸ் கமிஷன் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும், உறையின் மேல் இருக்கக் கூடாது. பெயரில்லாத கடிதத்தை இந்த வழியில் எடுக்கமாட்டார்கள். வேறு அதிகாரிக்கும் நகல் அனுப்பினால் ரகசியப் பாதுகாப்பு போய்விடும். மாநில அரசு ஆலைகளுக்கு இந்த வழி பொருந்தாது. 2014இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே செய்தது. அது இன்னும் அமலுக்கு வராமல் கிடக்கிறது.

இனி நம் தலைப்புக்கு வருவோம். கம்பெனிச் சட்டம் சொல்வது "டைரக்டர்களும் ஊழியர்களும்" என்று. லாரியில் இரும்பு ஏற்றும் நம் தோழனின் பெயர் கம்பெனி ரிஜிஸ்தரில் இல்லை, கான்ட்ராக்ட்காரரின் நோட்டில் இருக்கிறது. கண்ணால் காண்பவன் அவன், பாதுகாப்போ ஏ.சி. அறையில் இருப்பவருக்கு. அவனை நிர்வாகம் தண்டிக்கவும் வேண்டாம். "அந்த ஆளை நாளை முதல் அனுப்பாதே" என்று கான்ட்ராக்ட்காரரிடம் ஒரு வார்த்தை போதும், வேலை போயிற்று.

சில கம்பெனிகள் தாமாகவே கான்ட்ராக்ட் தொழிலாளரையும் இந்தப் பாதுகாப்பில் சேர்த்திருக்கின்றன. சட்டம் அதைத் தடுக்கவில்லை. எனவே தோழர்கள் தங்கள் ஆலைத் தாளில் "ஊழியர்" என்பதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்த்து வாருங்கள். "கான்ட்ராக்ட்காரர் மூலம் வேலை செய்பவரும் இதில் அடங்குவர், புகார் செய்தவரை அனுப்ப வேண்டாமென்று கான்ட்ராக்ட்காரரிடம் கம்பெனி கேட்காது" என்ற இரண்டு வரிகள் அதில் இல்லையென்றால், அவற்றைச் சேர்க்கும்படி கேட்டு எழுதும் மனுவைச் சங்கத்தின் பேரில் அனுப்புங்கள். தனி ஆள் கையெழுத்து அதில் வேண்டாம்.